அக்கிக்கு எந்த மாத்திரை, ஃப்ளூவுக்கு எந்த மருந்து? வைரஸின் நொதியிலிருந்து ஒரு கணக்கு

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு 74 வயது அம்மா ஒருவர் என் அறைக்குள் வந்தார். சேலை விலாவில் படாதபடி ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கையைப் பார்த்ததுமே பாதி விளங்கிவிட்டது. இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுத்தண்டு வரை ஒரே பக்கமாகப் பட்டை போட்டதுபோல் சிவப்பு. அதன் மேல் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். சுற்றிலும் செங்காவிக் கோடுகள். அக்கி எழுதிவிட்டு வந்திருந்தார்கள்.

"எப்பம்மா ஆரம்பிச்சது?"

"ஞாயித்துக்கிழமையே எரிச்சல் இருந்துது டாக்டர். வாயுப்பிடிப்புன்னு நெனச்சுத் தைலம் தேச்சேன். செவ்வாக்கிழமை சாயங்காலந்தான் கொப்புளம் தெரிஞ்சுது."

மகன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மெடிக்கல்ல விசாரிச்சேன் சார். அஞ்சு வேளை போடுற மாத்திரை ஒண்ணு இருக்கு, மூணு வேளை போடுறது ஒண்ணு இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான், வெலதான் வேறன்னாங்க. எது வாங்கட்டும்?"

கடைக்காரர் சொன்னது பாதி சரி. ஐந்து வேளை மாத்திரை அசைக்ளோவிர், மூன்று வேளை மாத்திரை வலசைக்ளோவிர். இரண்டும் உடலுக்குள் போன பிறகு ஒரே மருந்துதான். ஆனால் "ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு விலையை மட்டும் பார்த்தால், அந்த அம்மாவுக்குத் தவறான அளவு போய்ச் சேர்ந்திருக்கும். ஏன் என்று விளங்க, இந்த மருந்து வைரஸை எங்கே பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அசைக்ளோவிர் விழுங்கும்போது அது ஒரு செயலற்ற பொருள். நம் டி.என்.ஏ.வைக் கட்டும் நான்கு கற்களில் ஒன்றான குவானோசினைப் போலவே இருக்கும், ஆனால் அதன் சர்க்கரை வளையத்தின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். இந்தக் கல் வேலைக்கு வர வேண்டுமானால் அதன் மேல் மூன்று பாஸ்பேட்டுகள் ஏற வேண்டும். முதல் பாஸ்பேட்டை ஏற்ற நம் செல்களில் இருக்கும் நொதிகளுக்கு ஏறக்குறைய முடியாது. அவை கறாரானவை, வெட்டுப்பட்ட கல்லைக் கண்டுகொள்வதில்லை. அக்கி வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து பெருகத் தொடங்கும்போது தனக்கென்று தைமிடின் கைனேஸ் என்ற நொதியைத் தயாரிக்கிறது. தைமிடின் என்ற வேறொரு கல்லுக்குப் பாஸ்பேட் ஏற்றுவதற்காக வைரஸ் செய்துகொண்ட கருவி அது. ஆனால் கையில் கிடைப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு. அசைக்ளோவிரையும் பிடித்து முதல் பாஸ்பேட்டை மாட்டிவிடுகிறது.

அந்த ஒரு பாஸ்பேட் ஏறியதும் இரண்டு காரியம் நடக்கிறது. மின்னூட்டம் வந்துவிட்டதால் மருந்து அந்தச் செல்லை விட்டு வெளியே போக முடியாமல் சிறைப்படுகிறது. பிறகு நம் செல்லின் சொந்த நொதிகளே இரண்டாவது, மூன்றாவது பாஸ்பேட்டுகளை ஏற்றிவிடுகின்றன. இப்போது அது ஆயுதம். வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதி இதை நிஜக் கல் என்று நம்பிச் சங்கிலியில் சேர்க்கிறது. சேர்த்த பிறகு அடுத்த கல்லை மாட்ட இடமில்லை, அந்தக் கொக்கி இருக்க வேண்டிய பகுதிதான் வெட்டப்பட்டிருக்கிறதே. ஒரு பக்கம் மட்டும் இணைப்புக் கொக்கி உள்ள பெட்டியை ரயிலில் கோத்தால் அதற்குப் பின்னால் வேறு பெட்டி சேராது. அதுபோலச் சங்கிலி அங்கேயே நின்றுவிடும், பாலிமரேஸும் அதில் சிக்கிக்கொள்ளும்.

வைரஸ் புகுந்த செல்லில் இந்த மும்மடிப் பாஸ்பேட் வடிவம், புகாத செல்லில் இருப்பதைவிட 40 முதல் 100 மடங்கு அதிகம் சேர்கிறது. வைரஸே தன் கையால் விஷத்தைத் தயாரித்துக் குடிப்பதால்தான் இந்த மருந்துக்குப் பக்கவிளைவு குறைவு. 1970களில் அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனும் அவரோடு இருந்தவர்களும் இதைக் கண்டுபிடிக்கும் வரை, வைரஸை அடிக்கிற எதுவும் நம் செல்லையும் அடிக்கும் என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வழிநடத்திய ஆராய்ச்சியில் பிறந்த மருந்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த வேலைமுறைக்குள்ளேயே மருந்தின் எல்லையும் இருக்கிறது. வைரஸ் அந்த நொதியைத் தயாரித்தால்தான் மருந்து உயிர்பெறும். சின்ன வயதில் வரும் சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம் ஒரே வைரஸ்தான். அந்த அம்மை போட்ட பிறகு பல்லாண்டுகள் நரம்பு முடிச்சுக்குள் தூங்கும்போது வைரஸ் அதைத் தயாரிப்பதில்லை. அதனால் தூங்கும் வைரஸை எந்த மாத்திரையும் ஒழிக்காது. விழித்துப் பெருகும் சில நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குங்கள் என்று சொல்வது இதனால்தான். வலி தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த அம்மாவுக்குச் செவ்வாய் மாலையிலிருந்து எண்ணினால் 40 மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் நேரம் இருந்தது.

அக்கி எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காவி பூசிவிடும் பெரியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, காவியால் பெரிய கெடுதலும் இல்லை. மூன்று நாள் எழுதிவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று காத்திருக்கிறார்களே, அந்த மூன்று நாள்தான் இந்த 72 மணி நேரம். எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும், மாத்திரையை அன்றைக்கே தொடங்கிவிடட்டும். 72 மணி தாண்டிவிட்டாலும் புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால், நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்து கண்ணைத் தொடும் நிலை இருந்தால், அல்லது நோய் எதிர்ப்பு குறைந்தவராக இருந்தால், நான் தயங்காமல் மருந்து கொடுப்பேன்.

இப்போது மகன் கேட்ட கேள்வி. அசைக்ளோவிருக்கு ஒரு பெரிய குறை உண்டு, குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. விழுங்கியதில் 10 முதல் 20 சதவீதம்தான் இரத்தத்துக்குப் போகும், அளவைக் கூட்டக் கூட்ட அந்தச் சதவீதமும் குறையும். அக்கிக்கு 800 மி.கி. மாத்திரை, நாளைக்கு ஐந்து வேளை, 7 நாள். அதாவது 35 மாத்திரை. நாளுக்கு 4,000 மி.கி. விழுங்கினாலும், 15 சதவீதம் என்று வைத்தால் இரத்தத்துக்குப் போவது 600 மி.கி. அளவே. வாயைச் சுற்றி வரும் ஹெர்பிஸ் புண்ணுக்கு இதைவிடக் குறைந்த அளவு போதும். அக்கி வைரஸ் இந்த மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசிவதில்லை, அதனால்தான் இவ்வளவு தேவைப்படுகிறது. இரத்தத்தில் ஏறிய மருந்தில் பாதி, நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு 3 மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். ஐந்து வேளைக் கட்டாயம் அங்கிருந்து வருகிறது.

வலசைக்ளோவிர் என்பது அதே அசைக்ளோவிரின் மேல் வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டியது. புரதத் துண்டுகளை உள்ளே இழுப்பதற்கென்று குடல் சுவரில் இருக்கும் வாயில், இந்த வேலினைப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் நம் நொதிகள் வேலினை வெட்டி எறிந்துவிடும், மிஞ்சுவது அசைக்ளோவிர். 54 சதவீதம் இரத்தத்தை அடைகிறது. 1 கிராம் மூன்று வேளை போட்டால், வேலினின் எடையைக் கழித்த பிறகும் நாளுக்கு 1,100 மி.கி. அளவுக்கு அசைக்ளோவிர் இரத்தத்தில் சேரும். ஐந்து வேளை மாத்திரையைவிட ஏறக்குறைய இரு மடங்கு, மாத்திரை எண்ணிக்கையும் 21தான்.

அந்த இரு மடங்கால் நோயாளிக்கு என்ன லாபம்? 50 வயதைத் தாண்டிய 1,141 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 1995இல் வந்தது. அசைக்ளோவிர் போட்டவர்களில் பாதிப் பேருக்கு வலி நிற்க 51 நாள் ஆனது. வலசைக்ளோவிரில் 38 நாள். கொப்புளம் ஆறும் வேகத்தில் வேறுபாடு இல்லை. வித்தியாசம் தோலில் தெரியாது, வலியில்தான் தெரியும். அக்கி வந்த வயதானவர்கள் மாதக்கணக்கில் இரவு தூங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த 13 நாளின் அருமை தெரியும். ஆனால் எந்த மாத்திரை போட்டாலும் நீண்டநாள் நரம்பு வலி வராது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அப்படி உறுதி சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

ஃபாம்சைக்ளோவிர் என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, 500 மி.கி. மூன்று வேளை. அதே தைமிடின் கைனேஸ் வழியாகத்தான் அதுவும் உயிர்பெறும். செல்லுக்குள் அதிக நேரம் தங்கும், ஆனால் பாலிமரேஸைப் பிடிக்கும் பிடி தளர்வு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், பலனில் வலசைக்ளோவிரை ஒட்டியே நிற்கிறது. கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் வலசைக்ளோவிர்தானா? அந்த அம்மாவுக்கு அதைத்தான் எழுதினேன், ஆனால் மூன்று வேளை எழுதவில்லை. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய, முதலில் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கச் சொன்னேன். மதியத்துக்குள் வந்தது: 1.2. மகனுக்கு நிம்மதி. "நார்மல்தானே சார், பேப்பர்லயே போட்டிருக்கு." காகிதத்தில் அது சற்று மேல் எல்லையில்தான் இருந்தது. ஆனால் 50 கிலோ எடையுள்ள 74 வயதுப் பெண்ணுக்குத் தசை குறைவு, கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. எண் சின்னதாக இருப்பதற்குச் சிறுநீரகம் நன்றாக இருப்பதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அதனால் அவர் எதிரிலேயே கணக்குப் போட்டேன்:

```
(140 − 74) × 50 ÷ (72 × 1.2) × 0.85 = 32
```

வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் வைத்து, சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தைச் சொல்லும் கணக்கு இது: நிமிடத்துக்கு 32 மி.லி. கடைசியில் இருக்கும் 0.85 பெண்களுக்கானது. இந்த எண் 30க்கும் 49க்கும் இடையே இருந்தால் வலசைக்ளோவிர் 1 கிராம் இரண்டு வேளைதான். 10 முதல் 29 வரை என்றால் ஒரே வேளை. 21 மாத்திரைக்குப் பதில் 14 எழுதினேன். மூட்டு வலிக்கு அவர் தினமும் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையை நிறுத்தினேன், அது சிறுநீரகத்தை மேலும் இறுக்கும். வலிக்குப் பாராசிட்டமால். தண்ணீரை நேரம் பார்த்துக் குடிக்கச் சொன்னேன். சீட்டின் மேல் மூலையில் 32 என்று எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

இதை இவ்வளவு கவனமாகச் செய்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவருக்கு அக்கி வந்தது. வேறோர் இடத்தில் வலசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை முழு அளவில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவர் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விரலால் பொறுக்க ஆரம்பித்தார். கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. வீட்டில் மூளைக்கு ஏறிவிட்டது என்று அழுதார்கள். வைரஸ் மூளைக்குப் போனதா, மருந்து தேங்கியதா என்று பிரித்துப் பார்ப்பது அந்த நேரத்தில் லேசான காரியமில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, மருந்து தொடங்கி இரண்டு நாளில் குழப்பம், சிறுநீரகம் வேலை செய்யவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மருந்தை நிறுத்தி அடுத்தடுத்து டயாலிசிஸ் செய்தார்கள், தெளிந்துவிட்டார். சிறுநீரகம் நின்றவரின் உடலில் அசைக்ளோவிர் பாதியாகக் குறைய 20 மணி நேரம் வரை ஆகும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே அது போக இடமே இல்லாமல் மேலே மேலே ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஐந்து வேளை மாத்திரையையும் நான் ஒதுக்குவதில்லை. மொத்தச் செலவு அதில் குறைவு, வீட்டில் வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால் அதுவும் நல்ல மருந்துதான். காலை 7, 11, மதியம் 3, மாலை 7, இரவு 11 என்று எழுதியே கொடுப்பேன். தனியாக இருக்கும் வயதானவர் இதில் ஒன்றிரண்டை விட்டுவிடுவார், அதனால்தான் அந்த அம்மாவுக்கு எழுதவில்லை. மகன் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இரவுதான் வருவார்.

ஒரே ஒரு இடத்தில் ஒப்பீடே கிடையாது. காய்ச்சலோடு பேச்சு மாறுவது, வலிப்பு, ஆளை அடையாளம் தெரியாமல் போவது என்று வந்து, ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் எழுந்தால், நரம்பு வழியாக அசைக்ளோவிர் கிலோவுக்கு 10 மி.கி., 8 மணிக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். மாத்திரை இங்கே உதவாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் 10 பேரில் 7 பேர் இறந்த நோய் அது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மருந்து சிறுநீரகக் குழாய்களுக்குள் படிகமாக உறைந்து அடைத்துவிடும்.

மருந்து வேலை செய்யாமல் போவதும் உண்டு, பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களிடம். வாரம் பத்து நாள் சரியான அளவில் போட்டும் புண் அப்படியே இருந்தால், வைரஸ் தன் தைமிடின் கைனேஸையே தொலைத்துவிட்டதா என்று யோசிக்க வேண்டும். அந்த நொதி இல்லாமலும் அதனால் பிழைத்துக்கொள்ள முடியும். அப்போது அசைக்ளோவிரை விட்டு வலசைக்ளோவிருக்கோ ஃபாம்சைக்ளோவிருக்கோ மாறுவதில் பயன் இல்லை, மூன்றுக்கும் முதல் படி ஒன்றுதான். அந்தப் படியே தேவைப்படாமல் நேராகப் பாலிமரேஸைப் பிடிக்கும் ஃபாஸ்கார்னெட் என்ற மருந்துக்குப் போக வேண்டும். அது நரம்பு வழியாக ஏற்றுவது, சிறுநீரகத்துக்குக் கடினமானது, பெரிய மருத்துவமனையில்தான் கொடுக்க முடியும்.

அந்த அம்மாவின் கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கிய சமயம், அதே வீட்டிலிருந்து மருமகள் வந்தார். 34 வயது. முந்தைய நாள் மாலையிலிருந்து 102 டிகிரி காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்டதுபோல் வலி, வறட்டு இருமல். தெருவில் ஏற்கெனவே பல வீடுகளில் ஃப்ளூ. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா, பையில் இன்ஹேலர் எப்போதும் இருக்கும். "அத்தைக்குக் குடுத்த வைரஸ் மாத்திரை இன்னும் ஒரு அட்டை மிச்சம் இருக்கு டாக்டர், அதையே போட்டுக்கலாமா?" என்று கேட்டார். 14 மாத்திரை எழுதினால் கடையில் 21 கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

போடக் கூடாது. ஃப்ளூ வைரஸிடம் தைமிடின் கைனேஸ் கிடையாது, அதன் மரபுப்பொருள் டி.என்.ஏ.வே இல்லை, ஆர்.என்.ஏ. அசைக்ளோவிரை உயிர்ப்பிக்க அங்கே யாரும் இல்லை, உயிர்பெற்றாலும் வேலை இல்லை. வைரஸ் மாத்திரை என்று பொதுவாக ஒன்று கிடையாது, இந்த நொதிக்கு இந்த மாத்திரை என்றுதான் உண்டு.

ஃப்ளூவில் நாம் பிடிப்பது நியூராமினிடேஸ் என்ற நொதியை. நம் செல்களின் மேல் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை முனைகள் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளூ வைரஸ் உள்ளே புகும்போது அதைப் பற்றித்தான் ஏறுகிறது. பெருகிய பிறகு புது வைரஸ்கள் வெளியே வரும்போது அதே சர்க்கரை முனைகளில் ஒட்டிக்கொண்டு மாட்டிக்கொள்ளும். அப்போது கத்தரிக்கோல்போல் அந்த முனைகளை வெட்டி விடுதலை செய்வதுதான் நியூராமினிடேஸ். சளிப் படலத்தில் வழி வெட்டிக்கொண்டு போகவும் அதுதான் உதவுகிறது. கத்தரிக்கோலின் வாயில் எதையாவது செருகிவிட்டால், பிறந்த வைரஸ்கள் செல்லின் மேலேயே குவிந்து கிடக்கும், அடுத்த செல்லுக்குப் போகாது.

அக்கி மருந்திலிருந்து இது அடிப்படையிலேயே மாறுபடுகிறது. அங்கே வைரஸின் நொதி நமக்காக வேலை செய்தது. இங்கே நொதியை வேலை செய்யவிடாமல் அடைக்கிறோம், அவ்வளவுதான். ஏற்கெனவே வைரஸ் புகுந்த செல்லுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஃப்ளூவில் வைரஸின் எண்ணிக்கை இரண்டு மூன்று நாளிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். வீடெல்லாம் போன பிறகு வாசலைப் பூட்டுவதில் பயன் குறைவு. 48 மணி நேரம் என்ற கெடு அதனால் வந்தது. மருமகளுக்கு அப்போது 16 மணி நேரம்தான் ஆகியிருந்தது.

இந்தக் கத்தரிக்கோலின் வடிவத்தை 1983இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன் குழுவினர் அணு அணுவாகப் படம் பிடித்தார்கள். அதைப் பார்த்து, அங்கேயே மார்க் வான் இட்ஸ்டைன் குழு சயாலிக் அமிலத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, நொதியின் பள்ளத்துக்குள் கூடுதலாகப் பிடித்துக்கொள்ள ஓர் இடத்தில் மட்டும் நேர்மின்னூட்டம் உள்ள தொகுதியைச் சேர்த்தது. அதுதான் ஜனாமிவிர். பிடி மிக இறுக்கம். ஆனால் அந்த மின்னூட்டத்தோடு குடலைத் தாண்ட முடியாது, விழுங்கினால் 2 சதவீதம்தான் உள்ளே போகும். அதனால் பொடியாக வாயால் உறிஞ்சுகிறார்கள், 10 மி.கி. இரண்டு வேளை, 5 நாள்.

ஓசல்டாமிவிரைச் செய்தவர்கள் விழுங்கக்கூடிய ஒன்றை நோக்கி வேறு வழியில் போனார்கள். சர்க்கரையின் நீர்விரும்பும் வாலை எடுத்துவிட்டு எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு வாலை வைத்தார்கள், குடலைத் தாண்ட ஒரு மூடியும் போட்டார்கள். அந்த மூடியை நம் கல்லீரலின் நொதி கழற்றும். விழுங்கியதில் 80 சதவீதத்துக்கு அருகில் வேலை செய்யும் வடிவமாக இரத்தத்தை அடைகிறது. 75 மி.கி. இரண்டு வேளை, 5 நாள். இரண்டும் 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

ஓசல்டாமிவிரைத் தயாரிக்க நெடுநாள் மூலப்பொருளாக இருந்த ஷிகிமிக் அமிலம் நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அந்த அமிலம் மருந்தாவதற்குப் பத்துப் படி அளவுக்கு வேதிமாற்றங்கள் தேவை, அதுவரை நியூராமினிடேஸைத் தொடும் தன்மை அதற்கு இல்லை.

அந்த எண்ணெய் வாலுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அது பொருந்துவதற்கு நொதி தன் பள்ளத்துக்குள் ஓர் அமினோ அமிலத்தைத் திருப்பி இடம் விட வேண்டும். சயாலிக் அமிலத்துக்கு அந்தத் திருப்பம் தேவையில்லை. நொதியின் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் போய் டைரோசின் வந்தால், அந்தத் திருப்பம் தடைபட்டுவிடும். மருந்து நுழையாது, இயல்பான சர்க்கரை நுழையும், கத்தரிக்கோல் வெட்டிக்கொண்டே இருக்கும். 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் பருவகால எச்1என்1 வைரஸில் இது திடீரென்று பெருகியதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் பல நாடுகளில் அந்த வகை ஏறத்தாழ முழுவதுமே ஓசல்டாமிவிருக்கு மசியாததாகிவிட்டது. ஜனாமிவிர் அதே வைரஸிடம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. 2009இல் புது எச்1என்1 வந்து பழையதைத் துரத்தியது, புதியது பெரும்பாலும் ஓசல்டாமிவிருக்குக் கட்டுப்பட்டதால் அந்தச் சிக்கல் அப்போதைக்கு விலகியது.

இயற்கைப் பொருளை அப்படியே ஒத்திருக்கும் மருந்திடமிருந்து தப்ப, வைரஸ் தன் நொதியையே கெடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஒற்றுமைதான் அதை விழுங்க முடியாததாகவும் ஆக்குகிறது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மருமகளுக்கு முடிவு எளிது. ஜனாமிவிர் பொடியை உறிஞ்சினால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் திடீரென்று இறுகலாம், அவருக்கு அது கூடாது. எங்கள் ஊர்க் கடையில் சொல்லிவைத்துத்தான் வாங்கவும் வேண்டும். ஓசல்டாமிவிர் எழுதினேன். சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும் என்பதால் சாப்பிட்டதும் போடச் சொன்னேன். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை. ஆஸ்துமா, கர்ப்பம், சர்க்கரை நோய், முதுமை என்று ஏதாவது ஒன்று இருந்து ஃப்ளூ அறிகுறியும் இருந்தால் உடனே தொடங்கலாம் என்பதுதான் நம் நாட்டு வழிகாட்டுதலும்.

அவருடைய கணவருக்கு இதே காய்ச்சல் வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த மருந்து கொடுப்பது சிறிது நேரம்தான். 2014இல் எல்லா ஆய்வுத் தரவுகளையும் திரட்டிப் பார்த்ததில், அறிகுறி 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தது. ஏறத்தாழ 17 மணி நேரம். அதற்காகக் குமட்டலை ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஓய்வு, கஞ்சி, பாராசிட்டமால் போதும். மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால் உடனே வரச் சொல்வேன்.

போகும்போது மருமகள் வாசலில் நின்று கேட்டார். "அத்தை எங்க ரூம்லதான் படுக்கறாங்க டாக்டர். அவங்களுக்கு ஒட்டிக்குமா?"

ஒட்டிக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தது. 74 வயது, இப்போதுதான் அக்கியிலிருந்து எழுந்தவர். வேறு அறை இல்லாத வீடு. தடுப்பாகவே ஓசல்டாமிவிர் கொடுப்பது என்று முடிவு செய்தேன். வழக்கமான தடுப்பளவு 75 மி.கி. ஒரு வேளை, 10 நாள். எழுதுவதற்கு முன் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தேன், மூலையில் வட்டத்துக்குள் 32. இந்த மருந்தும் சிறுநீரகம் வழியாகத்தான் போகிறது. அன்றே திரும்பக் கிரியேட்டினின் பார்த்தோம், வலி மாத்திரையை நிறுத்தியதாலோ என்னவோ 1.1க்கு இறங்கியிருந்தது. கணக்கு 35 என்று வந்தது. 30க்கும் 60க்கும் இடையே இருப்பவருக்குத் தடுப்பளவு 30 மி.கி. ஒரு வேளை. 30 மி.கி. கேப்ஸ்யூலில் பத்து எழுதி, 32ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 35 என்று எழுதி, அதைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.